டி.சி.பி. சோதனை: சுமை–திறப்புப் பதிவை அறிகுறி பார்த்துப் படிக்கும் முறை

லேமினேட்டின் அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியாமல் எவ்வளவு தாங்கும் என்பதை அளக்க இரட்டை கேண்டிலீவர் பீம் சோதனையைச் செய்கிறோம். ஆய்வகத்தில் எல்லோரும் டி.சி.பி. என்றே சொல்வார்கள். பட்டையின் நடுத்தளத்தில் ஒரு முனையில் ஒட்டாத மெல்லிய பிலிம் இருக்கும். அந்த முனையின் இரு கைகளிலும் கீல்களை ஒட்டி, மெதுவாக இழுத்துப் பிளக்கிறோம். இயந்திரம் தருவது ஒரே ஒரு கோடு: கிடையில் திறப்பு, நெடுக்கில் சுமை. இந்தக் கோட்டைப் படிக்காமல் உச்சச் சுமையை மட்டும் எடுத்துச் சமன்பாட்டில் போட்டு எண்ணை எழுதிவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அந்த எண் பல நேரங்களில் லேமினேட்டைப் பற்றியது அல்ல. பிலிமைப் பற்றியது, அல்லது கீலைப் பற்றியது. எனவே கோட்டில் தெரியும் அறிகுறியிலிருந்து தொடங்கி, காரணத்தை எப்படிப் பிரித்தறிவது என்பதை இங்கே எழுதுகிறேன்.

எல்லா அறிகுறிகளுக்கும் ஒரே மாதிரியை எடுத்துக்கொள்வோம். கார்பன் இழை–எப்பாக்ஸி, இழைகள் எல்லாம் நீளவாக்கில். அகலம் 25 மி.மீ., மொத்தத் தடிமன் 3 மி.மீ. கீல்கள் இழுக்கும் சுமைக் கோட்டிலிருந்து பிலிமின் முனை வரை 50 மி.மீ. நீளவாக்கு வளைவு மாடுலஸ் 125 கிகாபாஸ்கல். கைகள் விரிசல் முனையில் இறுக்கிப் பிடிக்கப்பட்டவை அல்ல, அங்கேயும் சற்றுச் சுழல்கின்றன. அதற்காக விரிசல் நீளத்தோடு ஒரு திருத்தத்தைக் கூட்ட வேண்டும். நம் மாதிரியில் அது 5 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஆக, கணக்குக்கு வரும் நீளம் 55 மி.மீ. இந்த லேமினேட்டின் உண்மையான தாங்குதிறன், அதாவது அடுக்குகளைப் பிளக்கத் தேவைப்படும் ஆற்றல், சதுர மீட்டருக்கு 250 ஜூல் என்றால், சுமை ஏறத்தாழ 43 நியூட்டனை எட்டும்போது, 5.4 மி.மீ. திறப்பில், விரிசல் நகரத் தொடங்க வேண்டும்.

முதலில் ஒரு அளவுகோல்

எந்த அறிகுறியைப் பார்ப்பதற்கு முன்பும் பதிவின் மேல் ஒரு ஒப்பீட்டுக் கோட்டை வரைந்துகொள்ளுங்கள். மெலிந்த இரு கைகள் கொண்ட பட்டையில், தாங்குதிறன் மாறாமல் இருந்தால், விரிசல் நீள நீளச் சுமை நீளத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் குறையும். திறப்போ நீளத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். சுமையை P, திறப்பை δ, தாங்குதிறனை G என்று குறித்து இரண்டையும் சேர்த்தால் நீளம் கழன்றுவிடுகிறது:

```
P^2 * δ = மாறிலி
G ∝ (P^2 * δ)^(2/3)
```

நம் மாதிரியில் அந்த மாறிலி ஏறத்தாழ 9,760. திறப்பு 10 மி.மீ. என்றால் சுமை 31 நியூட்டன் அருகிலும், 20 மி.மீ. என்றால் 22 நியூட்டன் அருகிலும் இருக்க வேண்டும். இந்தப் புள்ளிகளை இணைத்தால் வலப்பக்கம் மெல்லச் சரியும் ஒரு வளைகோடு கிடைக்கும். உண்மைப் பதிவு இந்த வளைகோட்டின் மேலேயே ஓடினால் தாங்குதிறன் மாறவில்லை. மேலே விலகினால் பிளப்பதற்குக் கூடுதல் ஆற்றல் செலவாகிறது. கீழே விழுந்தால் விரிசல் பாய்ந்து போய், தேவைக்கு மேல் ஓடி நின்றிருக்கிறது. விரிசல் நீளத்தைக் கண்ணால் அளக்கும் முன்பே இவ்வளவும் தெரிந்துவிடுகிறது என்பதால்தான் இந்த அளவுகோல் எனக்குப் பிடிக்கும். விளிம்பில் படிக்கும் நீளத்தில் வரும் தவறு இதற்குள் நுழைவதில்லை.

இதற்கு ஒரு வரம்பு உண்டு. திறப்பு விரிசல் நீளத்தின் பத்தில் நான்கு பங்கைத் தாண்டினால் கைகள் மிகவும் வளைந்துவிடும்; பெரிய இடப்பெயர்ச்சிக்கான திருத்தம் இல்லாமல் இந்த உறவைப் பயன்படுத்தக் கூடாது.

அறிகுறி: கோடு தொடக்கத்தில் தவழ்ந்து, பிறகுதான் நேராகிறது

சுமை ஏறாமலே திறப்பு மட்டும் சற்றுக் கூடி, அதன் பின் கோடு நிமிர்கிறது. பெரும்பாலும் இது கீலிலும் பின்னிலும் உள்ள ஆட்டம். மாதிரியின் தொங்கும் முனை தன் எடையால் தாழ்ந்திருந்து, சுமை ஏறியதும் கிடைமட்டத்துக்கு வருவதாலும் இப்படி ஆகலாம். நேரான பகுதியைப் பின்னோக்கி நீட்டி, அது சுமைச் சுழியை வெட்டும் இடத்தைத் திறப்பின் தொடக்கமாகக் கொள்ளுங்கள். இந்தத் திருத்தத்தைச் செய்யாவிட்டால் ஒவ்வொரு புள்ளியிலும் திறப்பு கூடுதலாகவே பதிவாகும். தொடக்கப் புள்ளியில்தான் அதன் பாதிப்பு மிக அதிகம், ஏனென்றால் அங்கே மொத்தத் திறப்பே 5 மி.மீ. சொச்சம்.

தவழல் நீளமாக இருந்தால் திருத்தத்தோடு நிறுத்திவிடாமல் கீல்களைப் பாருங்கள். ஒரு கீல் மாதிரியின் அச்சுக்குச் செங்குத்தாக இல்லாமல் சாய்ந்து ஒட்டப்பட்டிருந்தால், முதலில் ஒரு விளிம்பு மட்டும் சுமை ஏற்கும். பின்னால் அந்த விளிம்பில் விரிசல் முந்திப் போகும். இரு விளிம்புகளிலும் விரிசல் நீளம் 2 மி.மீ.க்கு மேல் வேறுபட்டால் அந்த மாதிரியின் எண்ணை நம்ப வேண்டாம்.

அறிகுறி: கோடு நேராக இருக்கிறது, ஆனால் சரிவு எதிர்பார்த்தது இல்லை

நம் மாதிரியில் தொடக்கச் சரிவு மி.மீ.க்கு 7.9 நியூட்டன் இருக்க வேண்டும். பதிவில் 7.0 மட்டுமே வந்தது என்று வையுங்கள். பலர் உடனே இயந்திரத்தின் நெகிழ்வைக் குறை சொல்வார்கள். டி.சி.பி. மாதிரி மிகவும் தளர்வானது. ஒரு நியூட்டனுக்கு 0.126 மி.மீ. திறக்கிறது. கட்டுமானம் சரியான இயந்திரச் சட்டத்தின் நெகிழ்வு இதற்கு முன் பொருட்படுத்தத் தக்கதே அல்ல. தடிமன் மிகுந்த, விரிசல் குறுகிய மாதிரியில்தான் அதைக் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கும்.

ஒரு நியூட்டனுக்கு எவ்வளவு திறக்கிறது என்ற இந்த நெகிழ்மை நீளத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுவதால், முதலில் சந்தேகிக்க வேண்டியது நீளத்தை. 7.9-ஐ 7.0-ஆல் வகுத்து மும்மடி மூலம் எடுத்தால் 1.04. அதாவது 55 மி.மீ. என்று நினைத்தது உண்மையில் 57 மி.மீ.க்குச் சற்று மேல். பிலிம் அடுக்கும்போதோ அழுத்தத்தில் வேகும்போதோ இரண்டு மி.மீ. நகர்ந்திருந்தால் போதும், இந்த வேறுபாடு முழுவதும் வந்துவிடும். சோதனை முடிந்தபின் மாதிரியை முழுக்கப் பிளந்து, பிலிமின் முனை சுமைக் கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்று பிளந்த முகத்தில் அளந்து பாருங்கள். விளிம்பில் தெரியும் பிலிம் முனையும் அகலத்தின் நடுவில் உள்ள முனையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

பிலிம் சரியான இடத்தில் இருந்தால் அடுத்தது தடிமன். அதுவும் மும்மடியில் வருகிறது. மூன்று விழுக்காடு மெலிந்தாலே சரிவு ஒன்பது விழுக்காடு குறையும். நீளத்தில் ஒரே இடத்தில் அளந்து எழுதியிருந்தால் பல இடங்களில் மீண்டும் அளக்கவும். இரண்டும் சரி, ஆனாலும் சரிவு குறைவு, அதிலும் சுமை ஏற ஏறக் குறைகிறது என்றால் கீலின் ஒட்டு உரிந்துகொண்டிருக்கிறது. கீலின் உள்விளிம்பைப் பார்த்தாலே பசையின் வெண்மையான பிளவு தெரியும் அளவுக்கு அது வெளிப்படையாக இருக்கும்.

இங்கேயே லோடு செல்லையும் சொல்லிவிட வேண்டும். நாம் அளப்பது 43 நியூட்டன். 50 கிலோநியூட்டன் லோடு செல்லின் முழு அளவில் ஆயிரத்தில் ஒரு பங்கே 50 நியூட்டன் ஆகிறது. இழுவிசைச் சோதனைக்கு மாட்டியதை அப்படியே விட்டு டி.சி.பி. செய்தால் கோடு நடுங்கும், சரிவும் பொய்யாகும். சில நூறு நியூட்டன் கொள்ளளவுள்ள செல்லை மாட்டுவதைத் தவிர இதற்கு வழி இல்லை. வடிகட்டி மென்மையாக்கினால் நடுக்கம் மறையும், தவறு மறையாது.

அறிகுறி: உச்சம் மிக உயரம், அடுத்த நொடியே செங்குத்தான வீழ்ச்சி

இதுதான் அதிகம் ஏமாற்றுவது. நம் மாதிரியில் கோடு 43 நியூட்டனில் நிற்காமல் அதே சரிவில் நேராக 58 நியூட்டன் வரை ஏறுகிறது. அப்போது திறப்பு 7.3 மி.மீ. பிறகு ஒரு சொடுக்கு ஒலி. சுமை 27 நியூட்டனுக்கு விழுகிறது, திறப்பு அசையவில்லை. விளிம்பைப் பார்த்தால் விரிசல் 50 மி.மீ. குறியில் இல்லை, 66-க்குப் போய் நின்றிருக்கிறது. இயந்திரத்தின் நகரும் தலையான கிராஸ்ஹெட்டை நிறுத்தி, சுமையை இறக்கி, மறுபடி ஏற்றினால் கோடு முன்பைவிடச் சாய்வாக ஏறி, 33 நியூட்டனில், ஏறத்தாழ 9 மி.மீ. திறப்பில் மெல்ல வளைந்து இறங்கத் தொடங்குகிறது.

ஒரே மாதிரியில் மூன்று எண்கள் கிடைத்திருக்கின்றன. b அகலம், a விரிசல் நீளம், Δ முன்பு சொன்ன நீளத் திருத்தம் என்று கொண்டு இவற்றைத் தனித்தனியே கணக்கிடுவோம்:

```
G = 3 P δ / (2 b (a + Δ))

உச்சம்      : P = 58, δ = 7.32, a+Δ = 55  ->  0.46 N/mm
நின்ற இடம்  : P = 27, δ = 7.32, a+Δ = 71  ->  0.17 N/mm
மறு ஏற்றம்  : P = 33, δ = 8.95, a+Δ = 71  ->  0.25 N/mm
```

ஒரு மி.மீ.க்கு ஒரு நியூட்டன் என்பது சதுர மீட்டருக்கு 1,000 ஜூல். ஆக 460, 170, 250. முதல் எண்ணை மட்டும் எழுதி அனுப்பியவர் இந்த லேமினேட்டை ஏறத்தாழ இருமடங்கு வலிமையானதாகக் காட்டியிருப்பார்.

என்ன நடந்தது? பிலிமின் முனையில் கூர்மையான விரிசல் இல்லை. பிலிம் தடித்திருந்தால் அதன் நுனிக்கு முன்னால் மேல் கீழ் அடுக்குகள் ஒன்று சேரும் இடத்தில் ஒரு சிறிய ரெசின் குட்டை உருவாகும். விரிசல் முதலில் அந்த மழுங்கிய ரெசினைக் கிழித்தாக வேண்டும். அதற்குக் கூடுதல் சுமை தேவைப்படுகிறது. அதுவரை வளைந்த கைகளில் ஆற்றல் சேர்ந்துகொண்டே போகிறது. கிழிந்த கணத்தில், அந்த ஆற்றல் 250 ஜூலே போதும் என்கிற லேமினேட்டுக்குள் பாய்கிறது. அதனால்தான் ஒரே தாவலில் 16 மி.மீ. ஓடி, தேவைக்கும் கீழே, 170-ல் போய் நிற்கிறது. நின்ற இடத்தின் எண்ணைத் தாங்குதிறன் என்று எழுதுவதும் அதே அளவு தவறு. ஓடிவந்த வேகத்தின் பங்கும் அதில் கலந்திருக்கிறது.

மறு ஏற்றத்தின் எண்ணே உண்மைக்கு அருகில் உள்ளது, ஏனென்றால் அப்போது முனையில் இருப்பது இயல்பாக ஓடி நின்ற கூர்மையான விரிசல். ஆனாலும் நம் எடுத்துக்காட்டில் ஒரு குறை இருக்கிறது. 16 மி.மீ. தாவலுக்குப் பின்னால் இழைகள் விரிசலைக் கடந்து நிற்கத் தொடங்கியிருக்கலாம். அப்படியானால் 250-லும் அவற்றின் பங்கு சிறிது சேர்ந்திருக்கும். எனவே இந்த மாதிரியின் எண்ணை மறு ஏற்ற மதிப்பு என்று குறித்துவைத்துக்கொண்டு, அடுத்த மாதிரியில் தாவலைக் குறுக்க வேண்டும். பிலிமின் முனையிலிருந்து 3 முதல் 5 மி.மீ. தள்ளி, அகலத்துக்குக் குறுக்காக ஒரு கவ்வியை இறுக்கிவிட்டு இழுத்தால் விரிசல் கவ்வியருகே நின்றுவிடும். பிறகு கவ்வியை எடுத்துவிட்டுச் சோதனையைத் தொடங்கலாம். ஆப்பு அடித்து முன்விரிசல் செய்வதும் உண்டு. விரிசல் நடுத்தளத்தைவிட்டு அடுத்த அடுக்குக்கு ஏறிவிடும் ஆபத்து அதில் அதிகம் என்பதால் நான் இழுத்தே செய்வேன்.

வேரை வெட்ட வேண்டுமானால் பிலிமைப் பார்க்க வேண்டும். ஏ.எஸ்.டி.எம். டி5528 செந்தரமும் ஐ.எஸ்.ஓ. 15024 செந்தரமும் 13 மைக்ரோமீட்டருக்கு மிகாத பிலிமைக் கேட்பது இந்தக் குட்டையைச் சிறிதாக்கத்தான். கையில் கிடைத்த 50 மைக்ரோமீட்டர் வெளியீட்டு பிலிமைச் செருகியிருந்தால் இந்த அறிகுறி வரத்தான் செய்யும். பிளந்த முகத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். பிலிமின் முனையை ஒட்டி இழையே இல்லாத பளபளப்பான ஒரு கோடு அகலம் முழுக்க ஓடினால் அது ரெசின் குட்டை. முனை மடிந்திருந்தாலும் கத்தரியால் வெட்டும்போது பிசிறு எழுந்திருந்தாலும் கோடு அங்கங்கே தடித்துத் தெரியும். பிலிமே ஒரு கையில் ஒட்டிக்கொண்டு கிழிந்து வந்தால், உச்சத்துக்குக் காரணம் குட்டை அல்ல, ஒட்டல். இதற்குச் சோதனை தொடங்கும் முன்பே வழி உண்டு: கைகளைக் கையால் மெல்ல விலக்கி, பிலிம் இருக்கும் நீளம் முழுக்கத் திறந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். ஆனால் பிலிம் முனையைத் தாண்டி விரிசல் ஓடும் அளவுக்கு விலக்கிவிடக் கூடாது.

அறிகுறி: உச்சத்துக்கு முன்பே கோடு வளைகிறது, எந்தப் புள்ளி தொடக்கம்?

முன்விரிசல் நன்றாக அமைந்தால் முறிவு சத்தமில்லாமல் நடக்கும். கோடு நேரிலிருந்து நழுவி, ஒரு மழுங்கிய முடியைத் தாண்டி இறங்கும். இது கோளாறு அல்ல. விரிசலின் முன்விளிம்பு நேர்கோடாக இருப்பதில்லை. விரல் நகம்போல் நடுவில் முன்னோக்கி வளைந்திருக்கும். கைகள் நீளவாக்கில் வளையும்போது அகலவாக்கில் எதிர்த்திசையில் சற்று வளைவதால், திறக்கும் விசை நடுவில் கூடுதலாகவும் ஓரங்களில் குறைவாகவும் அமைகிறது. ஆகவே விரிசல் முதலில் உள்ளே நகரும். நுண்ணோக்கியில் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருப்பவர் அதைச் சற்றுப் பிந்தித்தான் காண்பார்.

இதனால் மூன்று புள்ளிகளைக் குறிக்கும் வழக்கம் வந்தது: கோடு நேரிலிருந்து விலகும் புள்ளி, விளிம்பில் விரிசல் நகர்வது கண்ணுக்குத் தெரியும் புள்ளி, தொடக்க நெகிழ்மை 5 விழுக்காடு கூடிய புள்ளி. மூன்றாவதற்கு முன்பே உச்சச் சுமை வந்துவிட்டால் அந்த உச்சத்தையே எடுப்பார்கள். வடிவமைப்புக்குப் பெரும்பாலும் முதல் புள்ளியைத்தான் தருவேன். அது பொதுவாக மிகக் குறைந்தது, பாதுகாப்பானது. ஆனால் அதைக் குறிப்பதில் ஆளுக்கு ஆள் வேறுபாடு வரும். ஐந்து விழுக்காட்டுப் புள்ளியில் அந்தச் சிக்கல் குறைவு. ஆகவே இரண்டையும் தந்து, எது எது என்று எழுதுவதே முறை.

விளிம்பைப் படிப்பவருக்கு ஒரு சொல். விரிசல் தெரிவதற்காகப் பூசும் வெள்ளைத் திருத்த மை மெல்லியதாக இருக்க வேண்டும். தடித்துப் பூசினால், உள்ளே விரிசல் போய்விட்ட பின்னும் மை கிழியாமல் இழுத்துக்கொண்டு நிற்கும். சற்று நேரம் கழித்துத் திடீரென்று மயிரிழைபோல் ஒரு கறுப்புக் கோடு இரண்டு மி.மீ.க்கு ஒரே நேரத்தில் தோன்றும். பதிவில் சுமை சீராக இறங்கிக்கொண்டிருக்கும்போது விளிம்பில் விரிசல் எட்டிக் குதிப்பதுபோல் தெரிந்தால், குதிப்பது மைதான்.

அறிகுறி: விரிசல் ஓடுகிறது, ஆனால் சுமை இறங்க மறுக்கிறது

ஒப்பீட்டுக் கோட்டின்படி 20 மி.மீ. திறப்பில் 22 நியூட்டன் இருக்க வேண்டிய இடத்தில் 27 இருக்கிறது. அளவுகோலின்படி தாங்குதிறன் 250-லிருந்து 325 ஜூல் அருகே ஏறியிருக்கிறது. லேமினேட் உறுதியாகிக்கொண்டே போகிறதா?

விளக்கை மாதிரியின் பின்பக்கம் வைத்து, திறந்த கைகளுக்கு நடுவே பாருங்கள். விரிசல் முனைக்குப் பின்னால், மேல் கையிலிருந்து கீழ்க் கைக்குச் சாய்வாக நீண்டு நிற்கும் இழைகளும் இழைக் கற்றைகளும் தெரியும். எல்லா அடுக்குகளிலும் இழைகள் ஒரே திசையில் இருப்பதால், வேகும்போது ஓர் அடுக்கின் இழை அடுத்த அடுக்குக்குள் புதைந்துகொள்கிறது. விரிசல் கடந்த பிறகும் அந்த இழைகள் இரு கைகளையும் கட்டிப் பிடிக்கின்றன. இதை இழைப் பாலம் என்போம். விரிசல் நீள நீளப் பாலங்கள் கூடும். ஒரு நீளத்துக்குப் பின் பழையவை அறுவதும் புதியவை உண்டாவதும் சமமாகி, எண் ஒரு மட்டத்தில் நிற்கும்.

அந்த உயர்ந்த மட்டத்தைத் தாங்குதிறன் என்று எழுதக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். உண்மையான பாகத்தில் விரிசல் பெரும்பாலும் வெவ்வேறு கோணத்தில் அடுக்கிய இரண்டு அடுக்குகளுக்கு நடுவே ஓடும். அங்கே இழைகள் ஒன்றுக்குள் ஒன்று இப்படிப் புதைவதில்லை. பாலத்தின் எண்ணை நம்பி வடிவமைத்தால் இல்லாத வலிமையை இருப்பதாகக் கொண்டதாகிவிடும். தொடக்க மதிப்பைத் தனியாகவும், விரிசல் நீளத்தோடு அது ஏறும் விதத்தை ஒரு வரைபடமாகவும் தர வேண்டும்.

பாலம் எதுவும் கண்ணில் படவில்லை, ஆனாலும் சுமை கோட்டுக்கு மேலே நிற்கிறது என்றால், விரிசல் நடுத்தளத்தைவிட்டு ஏறியிருக்கலாம். பிளந்த இரு பாதிகளின் தடிமனையும் மைக்ரோமீட்டரால் பல இடங்களில் அளந்தால் தெரிந்துவிடும். ஒன்று 1.5 மி.மீ., மற்றது அதே இடத்தில் 1.4 என்று வந்தால் கைகள் சமமாக இல்லை. அந்தப் புள்ளியிலிருந்து எடுத்த எண்களைக் கைவிட வேண்டியதுதான். முதன்மை விரிசலுக்கு இணையாக இன்னொன்று கிளம்பியிருப்பதும் உண்டு. அதை விளிம்பிலேயே காணலாம்.

அறிகுறி: ரம்பப் பல்

சுமை ஏறுகிறது, விழுகிறது, மறுபடி ஏறுகிறது. நெய்த துணி லேமினேட்டிலும், கடினமாக்கிய சில ரெசின்களிலும் இது பொருளின் குணம். துணியில் விரிசல் முனை ஒவ்வொரு முடிச்சிலும் குறுக்கு நூலிலும் தடுக்கி நின்று, பிறகு பாய்கிறது. தாவலின் நீளம் துணியின் நெசவு திரும்பத் திரும்ப வரும் நீளத்தோடு ஒத்திருந்தால் காரணம் உறுதி. ரெசினால் வருவதானால், கிராஸ்ஹெட்டின் வேகத்தை மாற்றினால் பல்லின் வடிவமும் மாறும்.

உச்சங்கள் எல்லாம் ஒரு ஒப்பீட்டுக் கோட்டின் மேலும், பள்ளங்கள் எல்லாம் வேறொரு தாழ்ந்த கோட்டின் மேலும் அமைந்தால், இரண்டையும் வெவ்வேறாக எழுதுங்கள்: உச்சம் தொடங்கும் மதிப்பு, பள்ளம் நிற்கும் மதிப்பு. நடுவில் ஒரு சராசரிக் கோடு இழுத்து ஏறுமுக வரைபடம் தயாரிப்பது பொருளற்றது, ஏனென்றால் தாவலின் நடுவே சமநிலைப் புள்ளி எதுவும் இல்லை. பற்களின் இடைவெளி விரிசல் நீளத்தைப் பொறுத்து இல்லாமல் நேரத்தைப் பொறுத்துச் சீராக இருந்தால் லேமினேட்டை விட்டுவிட்டுப் பின்னின் உராய்வையும் பிடியையும் சோதிக்கவும். செந்தரம் சொல்லும் நிமிடத்துக்கு 1 முதல் 5 மி.மீ. வேகத்தில் நொடிக்கு ஒரே ஒரு புள்ளியைப் பதிவுசெய்தால் தாவலின் உச்சம் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே தொலைந்துபோகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அறிகுறி: சுமையை இறக்கினால் கோடு தொடக்கத்துக்குத் திரும்பவில்லை

சுமையை இறக்கும் கோடு நேராக வந்து சுழிக்கு அருகே முடிய வேண்டும். சிறு மிச்சத் திறப்பு இயல்பே. அறுந்த இழைகளும் ரெசின் துகள்களும் நடுவில் சிக்கிக் கைகளை முழுதாக மூட விடுவதில்லை. மிச்சம் பெரிதாக இருந்தால் மாதிரியின் கையை மேசை விளிம்பில் வைத்துப் பாருங்கள். கை நிரந்தரமாக வளைந்திருந்தால் அதுவே சேதமடைந்திருக்கிறது, ஆற்றல் விரிசலுக்கு மட்டும் செலவாகவில்லை. அந்த லேமினேட்டுக்குத் தடித்த மாதிரி செய்ய வேண்டும். கை நேராக இருந்தும் மிச்சம் பெரிது என்றால் கீலின் பசை நழுவியிருக்கிறது.

அறிகுறி: கோடு அழகாக இருக்கிறது, எண்கள்தான் ஒத்துவரவில்லை

விளிம்பில் படித்த ஒவ்வொரு நீளத்துக்கும் நெகிழ்மையின் மும்மடி மூலத்தைப் புள்ளியிட்டு, நேர்கோடு பொருத்துங்கள். அது நீள அச்சை வெட்டும் இடத்திலிருந்து திருத்தம் கிடைக்கும். திருத்தம் விரிசலை நீளமாகக் காட்ட வேண்டும்; குறைத்துக் காட்டினால் இயற்பியலுக்கு ஒவ்வாது, நீளத்தைப் படித்ததில்தான் தவறு. அதன்பின் மொத்தத் தடிமனை h என்று கொண்டு மாடுலஸைத் திரும்பக் கணக்கிடுங்கள்:

```
E = 64 (a + Δ)^3 P / (δ b h^3)
```

விரிசல் எவ்வளவு நீண்டாலும் மாடுலஸ் மாறக் கூடாது. நம் மாதிரியில் தொடக்கத்தில் 125 கிகாபாஸ்கல் வருகிறது. பாலம் உருவான பின், 20 மி.மீ. திறப்பிலும் 27 நியூட்டன் சுமையிலும் விளிம்பில் 97 மி.மீ. என்று படித்ததைப் போட்டால் 136 வருகிறது. லேமினேட் விறைப்பாகவில்லை. பாலங்கள் கைகளைப் பிடித்திருப்பதால், கண்ணுக்குத் தெரியும் விரிசலைவிடக் குறுகிய விரிசல் உள்ள பட்டைபோல் அது நடந்துகொள்கிறது. நெகிழ்மையிலிருந்து கணக்கிட்டால் நீளம் 94 மி.மீ. அருகேதான் வரும். எனவே பாலம் மிகுந்த புள்ளிகளையும் சேர்த்துத் திருத்தத்தைப் பொருத்தினால் தொடக்க மதிப்பும் சேர்ந்து கெடும். மாடுலஸ் நிலையாக இருக்கும் தொடக்கப் புள்ளிகளை வைத்தே திருத்தத்தை எடுங்கள். முதல் புள்ளியிலேயே மாடுலஸ் வளைவுச் சோதனையில் வந்ததிலிருந்து பெரிதும் விலகினால், கணக்கை நிறுத்திவிட்டு, தடிமன் அளந்த தாளையும் பிளந்த முகத்தில் பிலிம் முனையின் இடத்தையும் மறுபடி பார்க்க வேண்டும்.